டைட்டில் மாற்றி ஒரு மாதம் ஆச்சு: கிளையன்டுக்கு ரிப்போர்ட் கடிதம் எழுதுவது எப்படி

கிளையன்டின் இணையதளத்தில் சில பக்கங்களின் டைட்டிலை, அதாவது கூகுள் தேடல் முடிவில் தெரிவதற்காக எழுதுகிற தலைப்பை, மாற்றினீர்கள், ஒரு மாதம் ஓடிவிட்டது, என்ன ஆனது என்று இப்போது அவருக்கு எழுத வேண்டும். சின்ன ஏஜென்சிகளில் இந்தக் கடிதம் பெரும்பாலும், கூகுள் தேடலில் தளம் எப்படிப் போகிறது என்று காட்டுகிற சர்ச் கன்சோல் கருவியின் கிராஃப் ஸ்கிரீன்ஷாட் ஒன்றோடு "கிளிக் 32% கூடியிருக்கு சார்" என்று இரண்டு வரியில் போய்விடுகிறது. வியாபாரம் செய்கிற ஆள் அதைப் படித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இது நீங்க மாத்துனதால வந்ததா, இல்ல எப்படியும் வந்திருக்குமா?" அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ரிப்போர்ட்டை நான் ரிப்போர்ட்டாகவே எண்ணுவதில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்விக்குப் பதில் தயார் பண்ணுவதைப் பற்றித்தான்.

பேசுவதற்கு ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்து விற்கிற ஒரு சின்ன நிறுவனம், அதன் இணையதளத்தில் 6 பக்கங்களுக்கு டைட்டில் மாற்றியிருக்கிறோம். நிறுவனமும் எண்களும் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை, ஆனால் இந்த மாதிரித் தளங்களில் வழக்கமாகப் பார்க்கிற அளவில்தான் வைத்திருக்கிறேன்.

மாற்றுகிற நாளிலேயே கடிதம் தொடங்கிவிடுகிறது

மாதக் கடைசியில் உட்கார்ந்து தேடினால் பாதி விஷயம் கிடைக்காது. பழைய டைட்டில் என்ன என்பதுகூட மறந்துபோகும். அதனால் டைட்டிலைத் தொடும் முன்பே ஒரு ஷீட் திறந்து, பக்கத்தின் முகவரி, பழைய டைட்டில், புது டைட்டில், மாற்றிய தேதி, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி, இவ்வளவும் எழுதிவைக்க வேண்டும். அந்தக் காரண வரியை யாரும் எழுதுவதில்லை, ஆனால் கடிதத்தில் மிகவும் உதவுவது அதுதான். "பழைய டைட்டிலில் பொருளின் பெயரே கடைசியில் இருந்தது, விலை தேடி வருகிறவர்களுக்கு விலை என்ற சொல்லே கண்ணில் படவில்லை" என்று அன்றைக்கே எழுதியிருந்தால், ஒரு மாதம் கழித்து அந்த ஊகம் சரியா தவறா என்று பார்க்க முடியும். எழுதாமல் விட்டால் வந்த எண்ணுக்கு ஏற்ற மாதிரி ஒரு காரணத்தை நம் மனசே பின்னால் தயாரித்துவிடும்.

அடுத்தது, தொடாமல் விட வேண்டிய பக்கங்கள். மாற்றுகிற 6 பக்கங்களுக்கு இணையாக, அதே மாதிரிப் பொருட்களைப் பற்றிய, ஏறக்குறைய அதே அளவு ஆள் வருகிற இன்னொரு 6 பக்கங்களை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த மாதம் முழுக்க அவற்றின் டைட்டில், விளக்கம், படம், விலை எதையும் தொடக்கூடாது. சீசனால் எவ்வளவு ஏறியது, கூகுள் எதையாவது மாற்றியதால் எவ்வளவு ஆடியது என்பதையெல்லாம் இந்தப் பக்கங்கள்தான் சொல்லும். மாற்றிய பக்கங்களிலும் டைட்டிலைத் தவிர வேறு எதையும் மாற்றக்கூடாது. இதைக் கிளையன்டிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் நடுவில் ஒரு நாள் புது போட்டோ போட்டு விலையையும் குறைத்துவிட்டால் எது வேலை செய்தது என்று யாராலும் பிரிக்க முடியாது.

பக்கங்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. "போன மாசம் ரொம்ப விழுந்துபோன பக்கங்களை எடுத்து சரி பண்ணலாம்" என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் ஒரு மாதம் தற்செயலாக விழுந்த பக்கம் அடுத்த மாதம் ஒன்றும் செய்யாமலேயே பழைய இடத்துக்குத் திரும்பி வரும், அந்த ஏற்றம் நம் டைட்டில் கணக்கில் சேர்ந்துவிடும். 3 மாத எண்ணைப் பார்த்து, தொடர்ந்து இம்ப்ரெஷன், அதாவது தேடலில் காட்டப்படுகிற தடவைகள், நிறையவும் கிளிக் குறைவாகவும் இருக்கிற பக்கங்களாக எடுங்கள்.

எந்த நாட்களை எந்த நாட்களோடு ஒப்பிடுவது

"மே மாதம், ஜூன் மாதம்" என்று ஒப்பிடாதீர்கள். மே மாதத்துக்கு 31 நாள், ஜூனுக்கு 30, ஞாயிற்றுக்கிழமைகளின் எண்ணிக்கையும் மாறும். 28 நாளுக்கு 28 நாள் எடுத்தால் இரண்டு பக்கமும் எல்லாக் கிழமையும் சரியாக நான்கு தடவை வரும். சர்ச் கன்சோலே இயல்பாக 28 நாள் ஒப்பீடு தருகிறது.

ஆனால் அதன் தயார் ஒப்பீட்டை அப்படியே எடுத்தாலும் பிரச்சினைதான். டைட்டிலை நாம் மாற்றுவது ஒரு நாள், கூகுள் வந்து அதைப் படிப்பது இன்னொரு நாள். நம் உதாரணத்தில் 2025 ஜூன் 2, திங்கட்கிழமை மாற்றினோம். ஒவ்வொரு பக்கத்தையும் சர்ச் கன்சோலின் யு.ஆர்.எல். இன்ஸ்பெக்ஷனில் போட்டு, கூகுள் கடைசியாக எப்போது படித்தது என்று பார்த்தால் 5 பக்கங்களை ஜூன் 6-க்குள் படித்துவிட்டது, சர்வீஸ் பக்கத்தை மட்டும் ஜூன் 8 அன்றுதான் படித்தது. தேதியோடு நிறுத்தாமல், கூகுள் படித்துவைத்திருக்கிற பக்கத்தின் எச்.டி.எம்.எல்.லைத் திறந்து அதில் புது டைட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில தளங்களில் பக்கத்தின் நகலைச் சேமித்துவைக்கிற கேஷ் ப்ளக்இன் பழைய பக்கத்தையே கூகுளுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும், நாம் மாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

ஆக, மாற்றத்துக்கு முன்: மே 5 திங்கள் முதல் ஜூன் 1 ஞாயிறு வரை. பின்: ஜூன் 9 திங்கள் முதல் ஜூலை 6 ஞாயிறு வரை. நடுவில் இருக்கிற வாரத்தை இரண்டு பக்கமும் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். ஜூலை 7 அன்றே கடிதம் எழுதி அனுப்ப வேண்டாம், சர்ச் கன்சோலில் கடைசி இரண்டு மூன்று நாள் எண்கள் இன்னும் முழுசாக வந்திருக்காது. ஜூலை 10 வாக்கில் எடுத்தால் நிம்மதி.

பக்கங்களைக் குழுவாகப் பார்க்க, பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டில் `Page` வடிகட்டியைத் திறந்து `Custom (regex)` தேர்ந்தெடுத்து முகவரிகளை இப்படிக் கொடுத்தால் போதும், மாற்றிய பக்கங்களுக்கு ஒன்று, மாற்றாதவற்றுக்கு ஒன்று. இங்கே காட்டியிருப்பது மாற்றியவற்றில் மூன்று மட்டும், மீதி மூன்றையும் இப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள்:

```
/tilting-2l/|/commercial-10l/|/service/
```

நாடு இந்தியா, தேடல் வகை வெப் என்று இரண்டு தடவையும் ஒரே மாதிரி வையுங்கள்.

கூகுள் உங்கள் டைட்டிலைத்தான் காட்டுகிறதா?

இதைப் பார்க்காமல் எழுதப்படுகிற ரிப்போர்ட்டுகள் ஏராளம். நாம் எழுதுகிற டைட்டிலை கூகுள் அப்படியே காட்டியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 2021 ஆகஸ்டில் டைட்டில் உருவாக்குகிற முறையை மாற்றியதாக அறிவித்தார்கள், பக்கத்தில் இருக்கிற பெரிய தலைப்பு, மற்ற பக்கங்களிலிருந்து வரும் லிங்க்கின் எழுத்து என்று பலவற்றிலிருந்தும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த மாதமே, ஏறக்குறைய 87% தடவை டைட்டில் டேகில் இருப்பதைத்தான் பயன்படுத்துகிறோம் என்றும் சொன்னார்கள். அப்படியென்றால் மீதி இடங்களில் வேறு ஏதோ காட்டப்படுகிறது. நம் 6 பக்கத்தில் ஒன்று அதில் மாட்டினால் ஆச்சரியமில்லை.

பார்ப்பதற்கு வழி எளிது. அந்தப் பக்கத்துக்கு நிறைய இம்ப்ரெஷன் வருகிற இரண்டு மூன்று தேடல் சொற்களை எடுத்து, இன்காக்னிட்டோ விண்டோவில், மொபைலில் தேடிப் பாருங்கள். ஒரே பக்கத்துக்கு ஒரு தேடலில் ஒரு டைட்டிலும் இன்னொரு தேடலில் வேறு டைட்டிலும் வரலாம், அதனால் ஒரு சொல்லோடு நிறுத்தக்கூடாது. தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நம் உதாரணத்தில் சர்வீஸ் பக்கத்துக்கு இப்படி எழுதியிருந்தோம்:

```
<title>Wet Grinder Service, Repair, Spare Parts, Belt, Stone, Motor | Coimbatore</title>
```

சொற்களை வரிசையாக அடுக்கியிருக்கிறது, நீளமும் அதிகம். கூகுள் இதை ஒதுக்கிவிட்டு பக்கத்தின் பெரிய தலைப்பான `Wet Grinder Service Centre` என்பதையே காட்டியது. இந்தப் பக்கத்துக்கு வந்த எந்த எண்ணையும் "புது டைட்டிலின் பலன்" என்று எழுத முடியாது, ஏனென்றால் தேடினவர்களில் யாரும் அந்த டைட்டிலைப் பார்க்கவே இல்லை. கடிதத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

132 கிளிக்கைப் பிரித்துப் பார்ப்பது

இப்போது எண்களுக்கு வருவோம். மாற்றிய 6 பக்கங்களுக்கும் சேர்த்து, முன்பு 18,400 இம்ப்ரெஷன், 414 கிளிக். பின்பு 19,500 இம்ப்ரெஷன், 546 கிளிக். 132 கூடியிருக்கிறது, அதாவது 32%. ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர் இதோடு நிறுத்திக்கொள்வார்.

மாற்றாத 6 பக்கங்களைப் பாருங்கள். முன்பு 12,000 இம்ப்ரெஷன், 300 கிளிக். பின்பு 12,720 இம்ப்ரெஷன், 318 கிளிக். ஒன்றுமே செய்யாமல் இங்கேயும் 6% ஏறியிருக்கிறது. நூறு பேர் பார்த்தால் எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்கிற விகிதம், அதாவது சி.டி.ஆர்., முன்பும் 2.5%, பின்பும் 2.5%. ஆக, அந்த மாதத்தில் கிரைண்டர் தேடியவர்களே கொஞ்சம் கூடியிருக்கிறார்கள், மாற்றிய பக்கங்களின் இம்ப்ரெஷனும் ஏறக்குறைய அதே 6% ஏறியிருப்பது அதோடு பொருந்துகிறது. மாற்றிய பக்கங்களில் மட்டும் சி.டி.ஆர். 2.25%-லிருந்து 2.8% ஆகியிருக்கிறது.

இதிலிருந்து கேட்க வேண்டியது: பழைய டைட்டிலே இருந்து, பழைய விகிதத்திலேயே கிளிக் வந்திருந்தால், இந்த 19,500 இம்ப்ரெஷனுக்கு எத்தனை கிளிக் கிடைத்திருக்கும்? ஷீட்டில் முந்தைய இம்ப்ரெஷன் A2, முந்தைய கிளிக் B2, இப்போதைய இம்ப்ரெஷன் C2 என்று வைத்தால்:

```
=C2*(B2/A2)
```

விடை சுமார் 439. ஆகவே கூடிய 132-ல் 25 கிளிக் தேடல் கூடியதால் வந்தது, மீதி 107 கிளிக் விகிதம் உயர்ந்ததால் வந்தது. அந்த 107-ஐத்தான் டைட்டிலோடு சேர்த்துப் பேச நமக்கு உரிமை இருக்கிறது, அதுவும் இன்னும் ஒரு விஷயத்தைப் பார்த்த பிறகு.

அந்த விஷயம், இடம். தேடல் முடிவில் மேலே போனாலே சி.டி.ஆர். கூடிவிடும், டைட்டிலுக்கு அதில் பங்கே இல்லாமல் போகலாம். அதனால் பெரிய பக்கம் ஒன்றை எடுத்து, அதில் நிறையப் பேர் தேடுகிற ஒரு சொல்லை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் பக்கத்தில் `2 litre wet grinder price` என்ற தேடல்: முன்பு 1,200 இம்ப்ரெஷன், 24 கிளிக், சராசரி இடம் 6.8. பின்பு 1,260 இம்ப்ரெஷன், 44 கிளிக், இடம் 6.7. இடம் அசையவில்லை, ஆனால் 2% இருந்த சி.டி.ஆர். 3.5% ஆகிவிட்டது. அதே சொல், அதே இடம், மாறியது தலைப்பு மட்டும். இந்தக் கடிதத்தில் இதைவிட வலுவான சான்று வேறு இல்லை, கிளையன்டுக்கும் சட்டென்று புரியும்.

இங்கே சராசரி இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பக்கம் முழுவதற்குமான சராசரி இடத்தைக் கடிதத்தில் பெரிதாகப் போடாதீர்கள். புது டைட்டிலில் ஒரு புதுச் சொல் வந்ததால் கூகுள் அந்தப் பக்கத்தை வேறு சில தேடல்களுக்கு நாற்பதாவது இடத்தில் காட்டத் தொடங்கலாம். அப்போது இம்ப்ரெஷன் ஏறும், சராசரி இடம் மோசமாகும், சி.டி.ஆர். குறையும், ஆனால் ஒரு வாடிக்கையாளர்கூடக் குறைந்திருக்க மாட்டார். தனித் தேடல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தால்தான் இது தெரியும். அப்படிப் பிரிக்கும்போது எல்லாச் சொல்லையும் கூட்டினால் மொத்தக் கிளிக் வரவில்லையே என்று குழம்ப வேண்டாம், மிகச் சிலரே தேடுகிற சொற்களை தனியுரிமைக்காக சர்ச் கன்சோல் பட்டியலில் காட்டுவதில்லை.

நம் உதாரணத்தின் தேதிகளில் வெளியிலிருந்து வந்த ஒரு தலையீடும் இருக்கிறது. கூகுள் 2025 ஜூன் 30 அன்று ஒரு கோர் அப்டேட்டை, அதாவது தேடல் முறையில் ஒரு பெரிய மாற்றத்தை, தொடங்கி ஜூலை 17-ல் முடித்தது, அதாவது நம் 28 நாளில் கடைசி வாரம் அதற்குள் விழுகிறது. இதை மறைக்கத் தேவையில்லை. முதல் மூன்று வாரத்தைத் தனியாகவும் கடைசி வாரத்தைத் தனியாகவும் பார்த்தால் சி.டி.ஆர். 2.8%, 2.7% என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறது, மாற்றாத பக்கங்களும் ஆடவில்லை. கடிதத்தில் ஒரு வரி போதும். ஒவ்வொரு மாதமும் எண் எடுக்கும் முன் கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இந்தத் தேதிகள் எல்லாம் அங்கே இருக்கும்.

ஏறியது, அசையாதது, இறங்கியது

மொத்தக் கணக்கு கிளையன்டுக்கு நம்பிக்கை தரும், ஆனால் அடுத்த மாதம் என்ன செய்வது என்பதைத் தனித்தனிப் பக்கங்கள்தான் சொல்லும். இந்த உதாரணத்தில் ஏறிய பக்கம் 2 லிட்டர் டில்டிங்:

```
முன்: Products - Wet Grinder - Home
பின்: 2 Litre Tilting Wet Grinder Price and Models | Coimbatore
```

8,000 இம்ப்ரெஷனுக்கு 160 கிளிக் வந்த இடத்தில் 8,500-க்கு 255 வந்திருக்கிறது. பழைய டைட்டில் எந்தப் பொருள் என்றே சொல்லவில்லை. புதியதில் பொருளும் விலையும் முன்னாலேயே இருக்கிறது, மொபைலில் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டாலும் முக்கியமானது தெரியும்.

அசையாதது சர்வீஸ் பக்கம், 75 கிளிக் 80 ஆனது. காரணம் மேலே பார்த்ததுதான்.

இறங்கியது 10 லிட்டர் கமர்ஷியல் கிரைண்டர் பக்கம்:

```
முன்: 10 Litre Commercial Wet Grinder Price
பின்: Heavy Duty Wet Grinder for Hotels and Canteens
```

2,400 இம்ப்ரெஷனுக்கு 72 கிளிக் இருந்தது, 2,500-க்கு 45 ஆகிவிட்டது. தேடல் சொற்களைத் திறந்து பார்த்தால் குறைந்த கிளிக் ஏறக்குறைய முழுவதும் `price`, `10 litre` என்ற சொற்கள் வருகிற தேடல்களில்தான். ஹோட்டல்காரர் தன்னை ஹோட்டல்காரர் என்று தேடுவதில்லை, எத்தனை லிட்டர், என்ன விலை என்றுதான் தேடுகிறார். மாற்றும்போது எழுதிவைத்த காரண வரியில் "ஹோட்டல் என்ற சொல் இருந்தால் சரியான ஆள் வருவார்" என்று இருந்தது, அந்த ஊகம் பொருந்தவில்லை என்று எண்ணே சொல்கிறது.

இந்தப் பக்கத்தை மொத்தத்துக்குள் புதைத்துவிடலாம், மொத்தம் ஏறித்தானே இருக்கிறது என்று ஆசை வரும். அப்படிச் செய்யக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கமர்ஷியல் கிரைண்டர் ஒன்று விற்றால் வீட்டுக் கிரைண்டர் பல விற்ற மாதிரி, அந்தப் பக்கத்தில் 27 கிளிக் போனது கிளையன்டின் கல்லாவில் தெரியும், அதற்கு முன் அவர் நம்மிடமிருந்துதான் அதைக் கேள்விப்பட வேண்டும்.

ஆனால் எது நிஜ இறக்கம், எது சும்மா ஆட்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. முந்தைய கிளிக்கையும் இப்போதைய கிளிக்கையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் நம்பிப் பேசலாம், இல்லையென்றால் தற்செயலாக இருக்க வாய்ப்பு நிறைய. 72-ம் 45-ம் கூட்டினால் 117, வர்க்கமூலம் சுமார் 11, இரு மடங்கு 22. நமக்கு வந்த வித்தியாசம் 27, ஆக இது நிஜம் என்று எடுத்துக்கொள்ளலாம். மீதி 3 பக்கங்களில் ஒன்றில் 38 கிளிக் 54 ஆகியிருக்கிறது. சதவீதத்தில் 42% ஏற்றம், கேட்க அருமையாக இருக்கும். ஆனால் 92-ன் வர்க்கமூலம் சுமார் 9.6, இரு மடங்கு 19. வித்தியாசம் 16 மட்டுமே. அந்த 42%-ஐக் கடிதத்தில் எழுதாதீர்கள். மூன்று பக்கங்களையும் சேர்த்தால் 107 கிளிக் 166 ஆகியிருக்கிறது, அந்த அளவில் கணக்கு தாண்டிவிடுகிறது, அதனால் மூன்றையும் ஒன்றாகச் சொல்லலாம்.

என்கொயரி விஷயமும் இப்படித்தான். கிளையன்டுக்குக் கிளிக்கைவிட போன் வந்ததா என்பதுதான் கவலை, அதனால் அனலிட்டிக்ஸில் கூகுள் தேடல் வழியாக அந்தப் பக்கத்தில் வந்து இறங்கியவர்களில் வாட்ஸ்அப் பட்டனை எத்தனை பேர் தொட்டார்கள் என்று எடுத்துப் போடுங்கள். 2 லிட்டர் பக்கத்தில் 9 இருந்தது 13 ஆனது. அதே கைக்கணக்கில் இதை ஏற்றம் என்று சொல்ல முடியாது. எண்ணைக் கொடுங்கள், முடிவு சொல்லாதீர்கள்.

கடிதம்

இனி எழுதலாம். முதல் பத்தியிலேயே விடை வந்துவிட வேண்டும், கடை திறக்கும் நேரத்தில் போனில் படிக்கிறவர் அதற்கு மேல் போகாமலும் இருக்கலாம். சி.டி.ஆர். போன்ற சொற்களைக் கடிதத்தில் தவிர்த்து, "100 தடவை காட்டினால் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள்" என்று எழுதினால் போதும்.

> வணக்கம் சார்,
>
> ஜூன் 2 அன்று 6 பக்கங்களின் தலைப்பை மாற்றினோம். அதன் பலனாக 28 நாளில் சுமார் 100 பேர் கூடுதலாக நம் தளத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று மதிப்பிடுகிறோம். ஒரு பக்கத்தில், 10 லிட்டர் கமர்ஷியல், ஆட்கள் வருவது குறைந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய உங்கள் சம்மதம் வேண்டும். விவரம் கீழே.
>
> மே 5 முதல் ஜூன் 1 வரை இந்த 6 பக்கங்களுக்கும் கூகுள் தேடலிலிருந்து 414 கிளிக் வந்தது. ஜூன் 9 முதல் ஜூலை 6 வரை 546. கூடியது 132. இதில் எல்லாமே தலைப்பால் வந்தது இல்லை. தலைப்பு மாற்றாத 6 பக்கங்களிலும் இதே காலத்தில் 6% கூடியிருக்கிறது, அதாவது தேடுகிறவர்களே கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். அதைக் கழித்தால் 107 மிஞ்சுகிறது. ஜூன் 30-லிருந்து கூகுள் தன் தேடல் முறையில் ஒரு பெரிய மாற்றம் செய்துவருகிறது, அது நம் எண்களைப் பெரிதாகப் பாதித்த மாதிரித் தெரியவில்லை.
>
> நன்றாகப் போனது 2 லிட்டர் டில்டிங் பக்கம். 160 கிளிக் 255 ஆகியிருக்கிறது. "2 லிட்டர் கிரைண்டர் விலை" என்று ஆங்கிலத்தில் தேடுகிறவர்களுக்கு நாம் முன்பு இருந்த அதே இடத்தில்தான் இருக்கிறோம், ஆனால் 100 தடவை காட்டினால் 2 பேர் வந்த இடத்தில் இப்போது 3 அல்லது 4 பேர் வருகிறார்கள். சிறிய பக்கங்கள் மூன்றும் சேர்ந்து 107-லிருந்து 166 ஆகியிருக்கிறது.
>
> சர்வீஸ் பக்கத்தில் நாம் எழுதிய தலைப்பை கூகுள் காட்டவில்லை, பக்கத்தில் உள்ள பழைய பெரிய தலைப்பையே காட்டுகிறது. அதனால் அங்கே மாற்றம் இல்லை. சுருக்கமான தலைப்பாக வேறு எழுதி, பக்கத்தின் பெரிய தலைப்பையும் அதோடு ஒத்துப்போகும்படி வைக்கப் போகிறோம்.
>
> 10 லிட்டர் கமர்ஷியல் பக்கத்தில் 72 கிளிக் 45 ஆகிவிட்டது. புதுத் தலைப்பில் லிட்டர் அளவும் விலை என்ற சொல்லும் இல்லை, அந்த இரண்டையும் வைத்துத் தேடுகிறவர்கள்தான் குறைந்திருக்கிறார்கள். பழைய தலைப்பையே திரும்ப வைக்கலாம் என்பது எங்கள் கருத்து. நீங்கள் சரி என்றால் அன்றைக்கே மாற்றிவிடுகிறோம்.
>
> வாட்ஸ்அப் விசாரணை 2 லிட்டர் பக்கத்திலிருந்து 9 இருந்தது 13 ஆகியிருக்கிறது. எண்ணிக்கை சின்னது, இதை வைத்து இப்போதைக்கு எதுவும் சொல்ல மாட்டோம், அடுத்த மாதமும் பார்ப்போம். கடைக்கு நேரடியாகப் போன் செய்தவர்கள் எங்களுக்குத் தெரிய மாட்டார்கள், ஜூன் 9-க்குப் பிறகு போன் விசாரணை எப்படி இருந்தது என்று நீங்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.
>
> பக்கம் வாரியான எண்களும், பழைய புதிய தலைப்புகளும், ஸ்கிரீன்ஷாட்டுகளும் இணைத்திருக்கும் ஷீட்டில் இருக்கின்றன.

107 வந்த இடத்தில் முதல் பத்தியில் "சுமார் 100" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இந்தக் கணக்கு அந்த அளவுக்குத் துல்லியமானது இல்லை, 107 என்று முதல் வரியில் போட்டால் எண்ணிப் பார்த்த மாதிரித் தொனிக்கும். அடியில் கணக்கைக் காட்டுகிற இடத்தில் 107 இருக்கலாம்.

அனுப்பிய பிறகு

கிளையன்ட் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் "அப்போ எல்லாப் பக்கத்துக்கும் மாத்திடலாமே?" என்பதுதான். உடனே சரி சொல்லாதீர்கள். மாற்றாமல் வைத்திருக்கிற 6 பக்கங்களில் 3-ஐ மட்டும் அடுத்த மாதம் எடுங்கள், மீதி 3 ஒப்பிடுவதற்கு இருக்கட்டும். கமர்ஷியல் பக்கத்தில் பழைய தலைப்பைத் திரும்ப வைத்ததும் கூகுள் அதைப் படித்த தேதியைக் குறித்து, அடுத்த 28 நாளில் சி.டி.ஆர். பழைய 3% அளவுக்குத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். திரும்பினால் இறக்கத்துக்குக் காரணம் டைட்டில்தான் என்பது கிட்டத்தட்ட உறுதி. திரும்பவில்லை என்றால் அந்தத் தேடலில் புதிதாக யாராவது போட்டிக்கு வந்திருக்கிறார்களா, மேலே விளம்பரங்கள் கூடியிருக்கின்றனவா என்று தேடல் பக்கத்தையே திறந்து பார்க்க வேண்டும், அடுத்த மாதக் கடிதத்தில் அந்தப் பக்கத்துக்குத் தனிப் பத்தி வரும்.

ஷீட்டை அப்படியே பத்திரமாக வையுங்கள், சர்ச் கன்சோல் 16 மாத எண்களைத்தான் காட்டும். அடுத்த வருஷம் இதே ஜூனை ஒப்பிட நினைக்கும்போது அங்கே இருக்கும், அதற்கு அடுத்த வருஷம் இருக்காது.